அரசு வேலை ஒதுக்கீடும் 8ஆவது விதியும்: சட்ட மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அரசியலமைப்புச் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் மலேசிய அரசியலமைப்பின் 8ஆவது விதியான சமத்துவ விதியில் திரும்பத் திரும்பச் சறுக்கும் ஓர் இடத்தைப் பற்றியது இந்தப் பக்கம். பதில்கள் பெரும்பாலும் கீழே உள்ள ஒரே கற்பனைக் கணக்கைச் சுற்றி வருகின்றன. அதை முதலில் நிதானமாகப் படித்துவிடுங்கள்.

கூட்டரசுப் பொதுச் சேவையில் 40 உதவிப் பொறியாளர் இடங்கள். விளம்பரத்தின்படி 24 இடங்கள் மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும். 2 இடங்கள் தீபகற்பப் பூர்வகுடியினரான ஒராங் அஸ்லிக்கு. 1 இடம் மாற்றுத் திறனாளிக்கு. 5 இடங்கள் பெண்களுக்கு. மீதி 8 எல்லாருக்கும் பொது. பட்டர்வொர்த்திலிருந்து விண்ணப்பித்த ஓர் இந்திய இளைஞருக்கு, எடுக்கப்பட்ட பலரைவிடக் கூடுதல் புள்ளிகள் இருந்தும் வேலை கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே துறையில் மேல் தரநிலைக்கு 10 பதவி உயர்வுகள் வருகின்றன. அவற்றில் 6 இடங்களை இன அடிப்படையில் ஒதுக்குகிறார்கள். இதற்கிடையில் பினாங்கில் ஓர் ஊராட்சி மன்றம் முதல் விளம்பரத்தை அப்படியே எடுத்துத் தன் வேலைகளுக்கும் போடுகிறது.

"ரீசனபள் கிளாசிஃபிகேஷன் பற்றி முழுப் பக்கம் எழுதினேன். பாதிப் புள்ளிகூட வரவில்லை. எங்கே தப்பு?"

எழுதிய இடத்தில்தான் தப்பு இருக்கும். நியாயமான வகைப்பாட்டுச் சோதனை, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் 8(1)க்கு உரியது. இனமும் பாலினமும் 8(2)இல் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டவை. அங்கே விதியே வேறு கேள்வி கேட்கிறது: அரசியலமைப்பு இதை வெளிப்படையாக அனுமதித்திருக்கிறதா, இல்லையா? "வகைப்படுத்தியது நியாயம்தானே" என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. நீதிமன்றங்கள் எல்லாத் தீர்ப்பிலும் இந்தக் கோட்டைப் பளிச்சென்று போட்டதில்லை என்பது உண்மை. ஆனால் வாசகம் தெளிவாக இருக்கிறது, விடைத்தாள் வாசகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே ஒவ்வோர் ஒதுக்கீட்டையும் தனித்தனியாகப் பிரித்து, மூன்று படிகளில் ஏற்றுங்கள். பிரிக்கும் அடிப்படை 8(2)இன் ஐந்தில் ஒன்றா, அதாவது சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம்? ஆம் என்றால், அதை அனுமதிக்கும் விதி எது, அந்த அனுமதி இந்தப் பணியிடம் வரை நீள்கிறதா? ஐந்திலும் இல்லை என்றால் மட்டும், 8(1)இன் கீழ் வகைப்பாடு தேறுகிறதா? 40 இடங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி "இது பாகுபாடா" என்று கேட்கும் விடை முதல் பத்தியிலேயே வழி தவறிவிடுகிறது.

"8(2) அரசாங்க வேலைக்கும் பொருந்துமா? சட்டங்களுக்கு மட்டும்தான் என்று படித்த ஞாபகம்."

பொருந்தும். 'எந்தச் சட்டத்திலும்' என்பதோடு 'பொது அதிகார அமைப்பின் கீழுள்ள எந்தப் பதவிக்கும் வேலைக்கும் ஆள் நியமிப்பதிலும்' என்றும் உட்பிரிவு சொல்கிறது. அதனால் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் தேவையில்லை; விளம்பரமும் நியமனமுமே சோதனைக்கு வரும். 2001இல் சேர்க்கப்பட்ட 'பாலினம்' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். பழைய நோட்டுகளைக் கைமாற்றி வாங்கிப் படிப்பவர்கள் நான்கு அடிப்படைகளோடு நின்றுவிடுகிறார்கள்.

"தனியார் கம்பெனி ஓர் இனத்தவரை மட்டும் எடுத்தால்?"

8ஆவது விதி அங்கே எட்டாது. 2005இல் பீட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அடிப்படை உரிமைகள் அரசுக்கும் தனிமனிதருக்கும் இடையிலானவை என்று எடுத்துக்கொண்டது. அங்கே தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்தைக்கூட 'சட்டம்' என்று ஏற்கவில்லை.

"24 இடங்களுக்கு 153ஆவது விதி இருக்கிறது. அப்புறம் எழுத என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. 153(2) 'இந்த அரசியலமைப்பில் வேறு எது இருந்தாலும்' என்று தொடங்குவதால் 8(2)ஐத் தாண்டும் வலிமை அதற்கு உண்டு. ஆனால் அது தானாக வேலை செய்யும் விதி இல்லை. பொதுச் சேவைப் பதவிகளில் தாம் நியாயமெனக் கருதும் விகிதத்தை மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒதுக்குவதை உறுதி செய்யும் பொறுப்பு மாமன்னருடையது. 40ஆவது விதிப்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனையில் செயல்படுகிறார். அந்த ஒதுக்கீட்டைச் செயல்படுத்த, 153(3)இன் கீழ் சேவை ஆணையத்துக்குப் பொதுவான உத்தரவு தரலாம். ஆணையம் அதன்படி நடக்க வேண்டும்.

ஆகையால் விடைத்தாளில் முதலில் கேட்க வேண்டியது, அந்த உத்தரவு இருக்கிறதா என்பது. கேள்வித்தாள் 'ஆணையம் தானாக முடிவு செய்தது' என்று ஒரு வரி போட்டிருந்தால், அந்த வரிக்காகத்தான் முழுக் கேள்வியும் எழுதப்பட்டிருக்கிறது. 153 அதிகாரம் கொடுத்திருப்பது மாமன்னருக்கு. விளம்பரம் எழுதும் அதிகாரிக்கு இல்லை. உத்தரவின் துணை இல்லாமல் இனத்தை வைத்துப் பிரித்தால், வெளிப்படையான அனுமதி இல்லாத பாகுபாடாக அது 8(2)இல் மாட்டும்.

பயனாளி யார் என்பதையும் பாருங்கள். 'பூமிபுத்ரா' என்ற சொல் அரசியலமைப்பில் இல்லை. மலாய்க்காரர் யார் என்பதை 160உம், பூர்வகுடியினர் யார் என்பதை 161Aஉம் வரையறுக்கின்றன. தீபகற்பத்தின் ஒராங் அஸ்லி இந்த இரண்டிலும் இல்லை. விளம்பரத்தில் வெறுமனே 'பூமிபுத்ரா' என்று போட்டிருந்தால், அது யாரையெல்லாம் உள்ளே இழுக்கிறது என்று நிறுத்திக் கேளுங்கள்.

"153இலேயே 'நியாயமான விகிதம்' என்று வருகிறதே. அப்படியானால் கோர்ட் நியாயமா என்று சோதிக்கலாம் அல்லவா?"

இந்தத் தலைப்பின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 'நியாயமான' என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் வருகிறது, மூன்றிலும் வேறு வேலை செய்கிறது.

முதலாவது, நீதிமன்றம் தானே உருவாக்கிக்கொண்ட நியாயமான வகைப்பாடு. அங்கே அளவுகோல் நீதிபதியின் கையில். இரண்டாவது, 153(2)இன் 'தாம் நியாயமெனக் கருதும் விகிதம்'. 'தாம் கருதும்' என்ற சொற்கள் தீர்மானத்தை மாமன்னரிடம் ஒப்படைக்கின்றன. 24 சரியா, 20 சரியா என்று நீதிபதி தன் கணக்கைப் போட முடியாது. ஒதுக்கீடு என்ற எல்லைக்குள்தான் நிற்கிறதா, உரிய வழியில் வந்ததா என்பவை மட்டுமே கேட்கத் தகுந்தவை. 40இல் 40ஐயும் எடுத்துக்கொண்டால் அதை 'விகிதம்' என்று சொல்ல முடியுமா என்ற வாதத்துக்கு இடம் உண்டு; 153(1) மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அதே மூச்சில் சுமத்துகிறது.

மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. 8(5)(c) தீபகற்பப் பூர்வகுடியினருக்குப் 'பொருத்தமான பதவிகளில் நியாயமான விகிதத்தை' ஒதுக்குவதை அனுமதிக்கிறது. அங்கே 'யார் கருதும்' என்பது இல்லை. எனவே அந்த 'நியாயமான' புறநிலையானது. நீதிமன்றம் நேரடியாக அளந்து பார்க்கலாம் என்று வாதிடலாம். நம் கணக்கில் 2 இடங்கள், 40இல் 5 விழுக்காடு. விகிதம் நிற்கும் என்றே தோன்றுகிறது. 'பொருத்தமான பதவி' என்ற சொல்லுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். இதற்கு மாமன்னரின் உத்தரவு தேவையில்லை, 153ஐத் தொடவும் வேண்டாம். ஒராங் அஸ்லி இடங்களை 153இல் கொண்டுபோய்ச் சேர்ப்பது திருத்துபவர் கண்ணில் உடனே படும் பிழை.

"பதவி உயர்வுக்கும் அதே கோட்டா போட்டால்?"

6 இடங்களை இன அடிப்படையில் ஒதுக்கிய அந்தப் பதவி உயர்வில் இளைஞரின் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி விடுபட்டார் என்று வைத்துக்கொள்வோம். இவர் தரப்பில் 136 இருக்கிறது. கூட்டரசுச் சேவையில் ஒரே தரநிலையில் உள்ள எல்லா இனத்தவரும், அவரவர் பணி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்பது அந்த விதி. 153(5) ஒரே வரியில் சொல்வது, 153ஆனது 136ஐக் குறைக்காது என்று. '153 எல்லாவற்றையும் மிஞ்சும்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த வரியில்தான் விழுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் வலுவான விளக்கம் இது: ஒதுக்கீடு வாசல்வரை, உள்ளே வந்தபின் ஒரே தரநிலையில் இருப்பவர்களை இனம் பார்த்துப் பிரிக்கக் கூடாது. எதிர்த்தரப்புக்கும் வாதம் இருக்கிறது. மேல் தரநிலையும் 'பொதுச் சேவைப் பதவி'தான், ஆகவே 153(2) அங்கேயும் நீளும் என்பார்கள். 'பணி நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்ற சொற்களையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டையும் எழுதிவிட்டு, 153(5)க்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமென்றால் முதல் விளக்கமே நிற்கும் என்று முடியுங்கள். வேலையில் ஏற்கெனவே இருப்பவரின் பதவியை ஒதுக்கீட்டுக்காகப் பறிக்கக் கூடாது என்று 153(4)உம் சொல்வதைத் துணைக்குச் சேர்க்கலாம்.

"பினாங்கு ஊராட்சி மன்றம் கூட்டரசு விளம்பரத்தைத்தானே காப்பி அடித்தது? கூட்டரசுக்குச் சரி என்றால் அதற்கும் சரிதானே?"

ஒரே வாசகம், ஆனால் நிற்கும் தளம் வேறு. ஊராட்சி மன்றம் 160இன் வரையறைப்படி 'பொது அதிகார அமைப்பு'. அதனால் 8(2)இன் தடை அதன் மேல் முழுமையாக விழுகிறது. ஆனால் 'பொதுச் சேவைகள்' எவை என்று 132 தரும் பட்டியலில் ஊராட்சி மன்றம் இல்லை. 153(2)இன் அனுமதி பொதுச் சேவைப் பதவிகளுக்கே. தடை விரிவாகவும் அனுமதி குறுகலாகவும் இருப்பதால் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. மன்றத்தின் 24 இடங்கள் அந்த இடைவெளிக்குள் கிடக்கின்றன.

மாநில அரசின் சொந்தச் சேவை என்றாலும் நிலைமை தேறாது. 153(2) அடைப்புக்குறிக்குள் 'மாநிலத்தின் பொதுச் சேவை நீங்கலாக' என்கிறது. 153(10) மாநில அரசியலமைப்பில் இதேபோன்ற விதி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் அது 'மரபு ஆட்சியாளர் உள்ள மாநிலத்துக்கு' மட்டும். பேராவோ ஜொகூரோ அந்த வழியில் போகலாம். பினாங்குக்கு ஆளுநர்தான், சுல்தான் இல்லை. கேள்வித்தாளில் சம்பவம் நடக்கும் மாநிலத்தின் பெயரை அடிக்கோடிடச் சொல்வது இதற்காகத்தான். 'பினாங்கு' என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கலாம்.

மன்றம் ஒராங் அஸ்லிக்கு வைத்த 2 இடங்கள் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கேயும் 8(5)(c) 'பொதுச் சேவை' என்றே பேசுகிறது. ஆயினும் அதே உட்பிரிவின் முதல் பாதி, அவர்களின் பாதுகாப்புக்கும் நல்வாழ்வுக்கும் முன்னேற்றத்துக்குமான எந்த ஏற்பாட்டையும் அனுமதிக்கிறது. மன்றம் அந்தப் பாதியில் கால் ஊன்றலாம்.

"அப்படியானால் நியாயமான வகைப்பாட்டை எங்கேதான் எழுதுவது?"

மாற்றுத் திறனாளி இடத்தில். உடற்குறை 8(2)இன் பட்டியலில் இல்லை, அதனால் 8(1)க்குப் போகிறோம். அரசுத் துறையில் 1 விழுக்காடு வேலை வாய்ப்பை மாற்றுத் திறனாளிகளுக்கு வைக்கும் கொள்கை 2008இன் சேவைச் சுற்றறிக்கையில் இருக்கிறது. நம் விளம்பரத்தின் 1 இடம் அதன் சாயல்.

சோதனையின் வடிவம் 1977இல் டத்தோ ஹருன் இட்ரிஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. இந்தியத் தீர்ப்புகளின் வழியில் வந்த சோதனை அது. சட்டம் பிரித்துப் பார்க்கிறதா என்பது முதல் கேள்வி. பிரிக்கிறது என்றால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவரிடமிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டும் வேறுபாடு வேண்டும்; பாடநூலின் 'இன்டெலிஜிபிள் டிஃபரன்ஷியா' இதுதான். இரண்டு, அந்த வேறுபாட்டுக்கும் எட்ட நினைக்கும் நோக்கத்துக்கும் அறிவுக்கு ஒத்த தொடர்பு, அதாவது 'நெக்ஸஸ்', வேண்டும். இல்லை என்று காட்டும் சுமை எதிர்ப்பவர் தோளில்.

இப்போது ஒரே ஓர் இடத்தை வைத்துச் செய்து பார்ப்போம். வேறுபாடு என்ன? 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் கீழ் பதிந்து ஓகேயூ அட்டை வைத்திருப்பது. அட்டை இருக்கிறது, இல்லை என்பதில் மயக்கம் கிடையாது. முதல் நிபந்தனை தேறியது. பதியாமலேயே இருப்பவர்கள் விடுபடுகிறார்கள் என்று எதிர்ப்பவர் சொல்லலாம். அது உண்மையான குறைதான். ஆனால் வகைப்பாடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும் என்று இந்தச் சோதனை கேட்பதில்லை. தேர்வு நடத்துபவர் கையில் வைத்துச் சரிபார்க்க ஓர் ஆவணம் வேண்டும் என்பதே போதிய பதில்.

நோக்கத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'மாற்றுத் திறனாளிகளுக்கு வேலை கொடுப்பது நோக்கம். அதற்காக மாற்றுத் திறனாளிகளைப் பிரித்தார்கள். ஆகவே தொடர்பு உண்டு' என்று எழுதுவார்கள். இது வட்டத்தில் ஓடுவது. எழுதிய வரியில் 'மாற்றுத் திறனாளி'யை எடுத்துவிட்டு 'ஜனவரியில் பிறந்தவர்' என்று போட்டுப் பாருங்கள். 'ஜனவரியில் பிறந்தவர்களுக்கு வேலை கொடுப்பது நோக்கம், அதற்காக அவர்களைப் பிரித்தார்கள்' என்பதும் அதே அழகில் தேறிவிடும். எதுவும் தேறும் வரி எதையும் சோதிக்கவில்லை.

நோக்கத்தை, சரிசெய்ய நினைக்கும் கேட்டின் பெயரால் எழுதுங்கள். அந்தச் சட்டத்தின் வரையறையே வழி காட்டுகிறது: நீண்டகாலக் குறைபாடு, சுற்றியுள்ள தடைகளோடு சேரும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகலாம் என்று அது சொல்கிறது. ஆகவே நோக்கம், ஆள் எடுக்கும்போதும் வேலையிடத்திலும் அந்தத் தடைகளால் தகுதியுள்ளவர் வெளியே நிற்பதைச் சரிசெய்வது. படியேறிப் போக வேண்டிய தேர்வு மண்டபமும் அத்தகைய தடைதான். அட்டை வைத்திருப்பவர் அந்தக் கேட்டுக்கு ஆளாகக்கூடியவர். ஜனவரியில் பிறந்தவர் இல்லை. இப்போது தொடர்பு நிஜமாகவே நிற்கிறது.

தேர்வாளர் சில சமயம் ஒரு திருகல் வைப்பார். அந்த 1 இடம் 'சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாற்றுத் திறனாளிக்கு மட்டும்' என்று இருக்கும். நோக்கம் மேலே சொன்னதேதான் என்றால், காது கேளாத விண்ணப்பதாரரை விட்டதற்குக் காரணம் காட்ட முடியாது, தொடர்பு அறுந்துவிடும். சக்கர நாற்காலிக்கேற்ப மாற்றியமைத்த ஒரு குறிப்பிட்ட பணியிடம் என்றால் கதை வேறு. இன்னொரு திருகல்: 40இல் 1 விழுக்காடு 0.4தானே, 1 முழு இடம் 2.5 விழுக்காடு ஆகிறதே என்பது. சுற்றறிக்கை அரசியலமைப்பு இல்லை. அதன் எண்ணைத் தாண்டியதாலேயே 8(1) மீறப்படாது. அரை ஆளை எடுக்கவும் முடியாது.

"பெண்களுக்கான 5 இடங்களும் அதே மாதிரிதானே?"

இல்லை. வருத்தமாக இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது: பாலினம் 8(2)இல் இருக்கிறது, பெண்களுக்கு இடம் ஒதுக்க வெளிப்படையான அனுமதி மலேசிய அரசியலமைப்பில் இல்லை. இந்தியாவில் 15(3) பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடுகிறது. நம்மிடம் அதற்கு இணையானது கிடையாது. பெண்களுக்குப் பாதுகாப்பாக 2001இல் சேர்த்த அதே சொல், அவர்களுக்கான ஒதுக்கீட்டை எதிர்க்கும் ஆண் விண்ணப்பதாரரின் கையிலும் ஆயுதமாகிறது.

காப்பாற்ற இரண்டு வழிகளை எழுதலாம். ஒன்று, 'பாகுபாடு' என்ற சொல்லுக்குப் பொருள், நியாயமற்ற பாதகம் செய்வது. பின்தங்கியவரைச் சமநிலைக்குக் கொண்டுவருவது அதில் சேராது என்று வாதிடுவது. இதற்குத் துணையாக, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சீடா ஒப்பந்தம் தற்காலிகச் சிறப்பு ஏற்பாடுகளைப் பாகுபாடாகக் கருதுவதில்லை. தற்காலிக ஆசிரியை கர்ப்பமாக இருந்ததால் வேலையை இழந்த நூர்ஃபடில்லா வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் சீடாவைக் கையில் எடுத்து 8(2) மீறப்பட்டது என்றது. ஆனால் 2014இல் ஏர் ஏசியா எதிர் ரஃபிஸா ஷிமா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டமாக்காத வரை சீடாவுக்குச் சட்ட வலு இல்லை என்றது. இரண்டையும் எழுதாமல் முதலாவதை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

இரண்டாவது வழி, இலக்கையும் ஒதுக்கீட்டையும் பிரிப்பது. அரசுத் துறையில் முடிவெடுக்கும் நிலைகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் என்ற 2004ஆம் ஆண்டுக் கொள்கை ஓர் இலக்கு. பெண்களை விண்ணப்பிக்கத் தூண்டுவது, நேர்முகக் குழுவில் பெண்களை அமர்த்துவது என்று அந்த இலக்கை நோக்கி நடக்கலாம். எந்த ஆணின் விண்ணப்பமும் ஆண் என்பதற்காக மட்டும் ஒதுங்காது. '5 இடங்கள் பெண்களுக்கு மட்டும்' என்பது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இந்த 5 இடங்கள் மிகவும் பலவீனமானவை என்பதே எங்கள் கணிப்பு.

"இந்தியாவில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். 24 என்றால் 60 விழுக்காடு. அதை எழுதலாமா?"

ஒப்பீடாக எழுதலாம், விதியாக எழுதக் கூடாது. 50 விழுக்காட்டு வரம்பு 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் உறுதியானது. அது நிற்கும் 16(4), 'போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பின்தங்கிய வகுப்பு' என்ற நிபந்தனையோடு வருகிறது. 153இல் பின்தங்கிய நிலையும் நிபந்தனை இல்லை, எண்ணில் உச்சவரம்பும் இல்லை. 1957இல் ரீட் ஆணையம் 15 ஆண்டுகளில் மறுபார்வை வேண்டும் என்று பரிந்துரைத்தது. இறுதி வாசகத்தில் அது இடம்பெறவில்லை.

ஒப்பிட வேண்டும் என்றால் பதவி உயர்வை ஒப்பிடுங்கள். அதில் பொருள் இருக்கிறது. இந்திரா சாஹ்னி தீர்ப்பு பதவி உயர்வில் ஒதுக்கீடு கூடாது என்றது. 1995இல் திருத்தம் கொண்டுவந்து 16(4A)ஐச் சேர்த்துத்தான் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதைத் திறந்தார்கள். நம் அரசியலமைப்பில் அப்படித் திறக்கும் வரி இல்லை, இருப்பது 153(5).

"சிவராசா வழக்கையும் போட வேண்டுமா?"

8(1) பகுதியில் இரண்டு வரி போதும். 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 8(1)க்குள் அளவுப் பொருத்தச் சோதனையையும் கண்டது: நோக்கம் முக்கியமானதா, வழி அதோடு தொடர்புடையதா, தேவைக்கு மேல் போகவில்லையா. மூன்றாவது கேள்விதான் புதியது. மாற்றுத் திறனாளி இடத்துக்கு அதையும் ஓட்டிப் பாருங்கள்: 40இல் 1, மற்றவர்களுக்கு 39 இடங்களில் வழி மூடப்படவில்லை.

"153 பற்றி எழுதினால் நிந்தனைச் சட்டம் பாயும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்."

153ஆல் நிறுவப்பட்ட உரிமையையோ நிலையையோ கேள்விக்குள்ளாக்குவது 1948ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டத்தின் 3(1)(f)இல் வருகிறது. அந்த உரிமை எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதில் உள்ள பிழையைச் சுட்டுவதற்கு அதே சட்டம் இடம் விடுகிறது. 'உத்தரவு இருந்ததா', 'ஊராட்சி மன்றத்துக்கு நீளுமா', '136ஓடு எப்படிப் பொருந்தும்' என்பவை எல்லாம் நடைமுறைக் கேள்விகள். 'இந்த விதியே கூடாது' என்ற பேச்சு வேறு ரகம். சமத்துவக் கேள்விக்கு அது விடையும் இல்லை.

"நிஜமாகவே அந்த பட்டர்வொர்த் இளைஞர் கோர்ட்டுக்குப் போனால் வேலை கிடைக்குமா?"

முதலில் நாள் கணக்கு. 2012 நீதிமன்ற விதிகளின் 53ஆவது ஆணைப்படி சீராய்வுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முடிவு அவருக்கு முதன்முதலில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்கள்தான் அவகாசம். நிராகரிப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு இலாகாவுக்கு மேல் மனுவும் ஒய்.பி.யிடம் பரிந்துரைக் கடிதமும் என்று அலைவதில் அந்த மூன்று மாதங்கள் கரைந்துவிடும். அலைவதாக இருந்தால் மனுவைத் தயார் செய்துகொண்டே அலையட்டும்.

அடுத்தது, எந்த ஒதுக்கீட்டைத் தாக்குகிறார் என்பது. 24ஐத் தாக்கினால் உத்தரவு மேசையில் வந்து விழும். வழக்கு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். 2உம் 1உம் நிற்கும் என்று மேலே பார்த்தோம். 5 இடங்களைத் தாக்கி வென்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 இடங்கள் அவருக்கு வந்துவிடாது. பொதுப் பிரிவு 8இலிருந்து 13 ஆகும், அவ்வளவுதான். அந்த இடங்களில் எடுக்கப்பட்ட பெண்களும் இனிப் பொதுவரிசையில் போட்டியிடுவார்கள். அப்படி எல்லாரையும் சேர்த்துப் புள்ளி வரிசையில் வைக்கும்போது அவர் 12ஆவது என்றால், சட்டவிரோத ஒதுக்கீடுதான் தன் வேலையைப் பறித்தது என்று காட்ட முடியும். 20ஆவது என்றால், ஒதுக்கீடு தவறு என்ற பிரகடனம் கிடைக்கலாம், வேலை கிடைக்காது. அதனால் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் புள்ளி வரிசை பற்றித் தனக்குத் தெரிந்ததை முதல் பக்கங்களிலேயே வைக்க வேண்டும். 'பலரைவிடக் கூடுதல் புள்ளிகள்' என்பது கேள்வித்தாளில் நன்றாக இருக்கும்; அந்தப் பலர் 24இல் எடுக்கப்பட்டவர்கள் மட்டும் என்றால், அது அவரை 13க்குள் கொண்டுவராது.